‘நாய் குரைக்கும்’ என்பது ஏன் ஒரு ஊமை நாயால் பொய்யாவதில்லை?

கேள்வி: “‘நாய் குரைக்கும்’ என்று சொன்னால் எல்லாரும் சரி என்கிறார்கள். குரைக்காத நாய் ஒன்றைக் காட்டினாலும் ‘அது வேற’ என்று விட்டுவிடுகிறார்கள். ‘எல்லா நாய்களும் குரைக்கும்’ என்று சொன்னால் மட்டும் அதே ஒரு நாயை வைத்தே பொய் என்று நிரூபித்துவிடலாம். ஏன் இப்படி? முதல் வாக்கியத்தில் ‘பெரும்பாலான’ என்ற சொல் ஒளிந்திருக்கிறதா?”

இல்லை, ஒளிந்திருக்கவில்லை. ‘பெரும்பாலான’ என்பதும் ‘எல்லா’ போலவே தலையை எண்ணிச் சொல்லும் சொல்தான். ‘நாய் குரைக்கும்’ எந்தத் தலையையும் எண்ணுவதில்லை. நாய் என்ற இனத்தைப் பற்றி, அதற்கு ஒலி எழுப்பும் வழி எது என்று சொல்கிறது. எண்ணிக்கையே சொல்லாத வாக்கியத்தை ஒரு எண்ணிக்கையைக் காட்டி முறிக்க முடியாது. பதிலின் சுருக்கம் இதுதான். ஆனால் இதை இப்படியே விட்டால், எந்த விதிவிலக்கு வந்தாலும் இந்த வகை வாக்கியம் தாங்கும் என்று தோன்றிவிடும். அது சரியில்லை. சில வாக்கியங்கள் நூற்றுக்கு 65 விதிவிலக்கைத் தாங்குகின்றன, சில ஒன்றே ஒன்றைக்கூடத் தாங்குவதில்லை. எது தாங்கும், எது தாங்காது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பெயர்கள். ‘நாய் குரைக்கும்’, ‘கொசு கடிக்கும்’ போன்றவற்றை மொழியியலில் ஜெனரிக் வாக்கியம் என்பார்கள். இங்கே பொதுக்கூற்று என்று வைத்துக்கொள்கிறேன். ‘எல்லா நாய்களும் குரைக்கும்’ என்பதை முற்றுக்கூற்று என்கிறேன். அதில் ‘நாய்களும்’ என்பதன் இறுதியில் வரும் உம்முக்கு நம் இலக்கணம் வைத்த பெயரே முற்றும்மை. ஒன்று விடாமல் முற்றாக எடுத்துக்கொள்ளும் உம் அது. பொதுக்கூற்றில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. வெறும் ‘நாய்’, கூடவே ஒரு வினை.

அந்த வினை கவனிக்கத் தக்கது. ‘நாய் குரைக்கிறது’ என்றால் வாசலில் ஏதோ ஒரு நாய் இப்போது குரைக்கிறது. ‘நாய் குரைக்கும்’ என்றால் நாயின் இயல்பு. எதிர்காலத்துக்குப் பயன்படும் அதே ‘செய்யும்’ வடிவம்தான் இயல்பைச் சொல்லவும் வருகிறது. மூன்று காலத்திலும் மாறாதிருக்கும் இயற்கையை இந்த வடிவத்தால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் தனிச் சூத்திரமே இருக்கிறது. ‘மெய்ந்நிலைப் பொதுச்சொல்’ என்று அதைக் குறிக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘மலை நிற்கும்’. ஆக, நடந்ததைச் சொல்வதும் இயல்பைச் சொல்வதும் வேறு வேறு வேலை என்பதைத் தமிழ் வினை வடிவத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது.

எழுவாய் இனத்தைத்தான் குறிக்கிறது என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ‘டோடோ அழிந்துவிட்டது’ என்கிறோம். எந்தத் தனிப் பறவையும் ‘அழிந்துவிட’ முடியாது, சாகத்தான் முடியும். அழிவது இனம். ‘பிணந்தின்னிக் கழுகு செத்த மாட்டைத் தின்னும், ஆனால் அருகி வருகிறது’ என்று ஒரே எழுவாயை வைத்து இரண்டையும் சொல்ல முடிகிறது. தின்பது தனிக் கழுகு செய்யும் வேலை. அருகுவது இனத்துக்கு மட்டுமே நேர்வது. இரண்டுக்கும் ஒரே சொல் எழுவாயாக நிற்கிறது என்றால் அந்தச் சொல் இனத்தின் பெயர். மொழியியலாளர் கிரெக் கார்ல்சன் 1977-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் ஆங்கிலத்துக்கு முன்வைத்த வாதத்தின் அடிப்படை இதுதான்.

இனத்தைப் பற்றிய பேச்சு என்றால், சில உறுப்பினர்களிடம் மட்டும் இருக்கும் குணம் எப்படி இனத்தின் கணக்கில் ஏறுகிறது? இதற்கு மயிலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

‘மயில் முட்டையிடும்.’ ‘மயில் தோகை விரித்து ஆடும்.’ இரண்டும் உண்மை என்று யாரும் தயங்காமல் சொல்வோம். இப்போது 100 மயில்கள் கொண்ட கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 20 குஞ்சுகள், வளர்ந்த ஆண் 40, வளர்ந்த பெண் 40. பெண்ணில் 5 முட்டையிடும் நிலையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முட்டையிடுபவை 35. தோகை விரிப்பவை 40. நீண்ட தோகை வளர்ந்த ஆணுக்குத்தான் உண்டு.

‘எல்லா மயில்களும் முட்டையிடும்’ பொய், சந்தேகமே இல்லை. ‘பெரும்பாலான மயில்கள் முட்டையிடும்’ என்பதும் பொய், ஏனென்றால் 65 இடுவதில்லை. ஆனாலும் ‘மயில் முட்டையிடும்’ உண்மையாகவே நிற்கிறது. ‘பெரும்பாலான’ ஒளிந்திருக்கிறது என்ற யோசனை இங்கேயே விழுந்துவிடுகிறது.

அடுத்து பலருக்கும் தோன்றும் பதில், “இயல்பான மயில்கள் எல்லாம் முட்டையிடும் என்று பொருள்” என்பது. நோயுற்றது, ஊனமானது, குஞ்சு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது. இது நாய்க்குச் சரியாக வரும் போலத் தெரியும். மயிலிடம் வராது. முட்டையிடும் வாக்கியம் உண்மையாக வேண்டுமானால் இயல்பான மயில் பெண்ணாக இருக்க வேண்டும். தோகை வாக்கியம் உண்மையாக வேண்டுமானால் அதே இயல்பான மயில் ஆணாக இருக்க வேண்டும். இரண்டையும் செய்யும் மயில் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘மயில் முட்டையிடும், தோகையும் விரிக்கும்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோம், கேட்பவருக்கும் உறுத்துவதில்லை. ‘இயல்பான’ என்ற அடைமொழி வேலை செய்யாததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின் எது வேலை செய்கிறது? வாக்கியம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள். ‘மயில் முட்டையிடும்’ என்பது “மயில் எப்படி இனம் பெருக்கும்?” என்ற கேள்விக்குப் பதில். முட்டையிடுவது, குட்டி போடுவது என்று அந்தக் கேள்விக்குச் சில மாற்று விடைகள் உண்டு. கூட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு விடை தருபவற்றை மட்டும் எடுங்கள். 35 மயில்கள். அந்த 35-உம் முட்டைதான் இடுகின்றன, குட்டி போட்டது ஒன்றும் இல்லை. ஆண்கள் 40-உம் குஞ்சுகள் 20-உம் இந்தக் கேள்விக்கு வேறு விடை சொல்லவில்லை. விடையே சொல்லவில்லை. அதனால் அவை எதிர்ச்சான்று ஆவதில்லை. தோகைக்கும் இப்படியே: “எப்படி இணையைக் கவரும்?” என்ற கேள்விக்குப் பெண் மயில் போட்டி விடை எதையும் வைப்பதில்லை.

இப்போது ‘மயில் பெண்’ என்று சொல்லிப் பாருங்கள். முட்டையிடுபவை எல்லாம் பெண்தான். முட்டையிடுவதைவிடப் பெண்ணாக இருப்பவையே அதிகம், அந்த 5 மலட்டு மயில்களும், குஞ்சுகளில் பாதியும் சேரும். அப்படியும் இந்த வாக்கியம் உடனே பொய் என்று படுகிறது. காரணம், “என்ன பால்?” என்ற கேள்விக்கு எல்லா மயிலும் விடை தருகிறது, அதில் பாதி ‘ஆண்’ என்ற போட்டி விடையைத் தருகிறது.

எனவே விதிவிலக்கு இரண்டு வகை. குணம் வெறுமனே இல்லாமல் இருப்பது ஒரு வகை. குணத்தின் இடத்தில் எதிரான இன்னொன்று இருப்பது மற்றொரு வகை. பொதுக்கூற்று முதல் வகையை எத்தனை வந்தாலும் தாங்கும். இரண்டாம் வகை கொஞ்சம் கூடினாலே ஆட்டம் காணும். தத்துவ ஆய்வாளர் சாரா ஜேன் லெஸ்லி 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வேறுபாட்டைத் தன் விளக்கத்தின் நடுவில் வைக்கிறார். மாற்று விடைகளுக்குள் மட்டும் எண்ணுவது என்ற கணக்கை மொழியியலாளர் ஏரியல் கோஹன் அதற்கு முன்பே வகுத்திருந்தார். இருவரும் மற்ற பலவற்றில் உடன்படுவதில்லை, ஆனால் மயில் விஷயத்தில் இரண்டும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகின்றன.

நாய்க்குத் திரும்பினால், குரல்வளை பழுதுபட்டு ஊமையான நாய் முதல் வகை. அது ஒலியே எழுப்புவதில்லை, அதனால் வாக்கியத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. நடு ஆப்பிரிக்காவின் பசென்ஜி இன நாய் அப்படியல்ல. அது சாதாரணமாகக் குரைக்காது, ராகம் இழுப்பது போன்ற ஒலி எழுப்பும். அது போட்டி விடைதான். இருந்தும் வாக்கியம் நிற்கிறது, ஏனென்றால் உலகின் நாய்க் கூட்டத்தில் பசென்ஜியின் பங்கு மிகச் சிறியது, தனியே பெயர் வைத்து ஒதுக்கவும் முடிகிறது. நாய்களில் பாதி பசென்ஜி போல இருந்திருந்தால், ‘குரைக்கிற நாய் உண்டு, இழுக்கிற நாய் உண்டு’ என்றுதான் பேசியிருப்போம்.

மயிலுக்குப் பொருந்திய இந்த விளக்கம் கொசுவிடம் தோற்றுப்போகிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘கொசு டெங்கு பரப்பும்’ என்பது உண்மை. சுகாதாரத் துறை சுவரில் எழுதி வைப்பதும் இதைத்தான். எந்தக் கொசு பரப்புகிறது? உலகில் 3,000-க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் இருக்கின்றன. டெங்குவை முக்கியமாகப் பரப்புபவை ஏடிஸ் எஜிப்தியும் ஏடிஸ் அல்போபிக்டஸும். அவற்றிலும் இரத்தம் குடிப்பது பெண் மட்டும். அந்தப் பெண்ணும் டெங்கு கிருமி இரத்தத்தில் இருக்கும் ஒருவரைக் கடித்திருக்க வேண்டும். கடித்த பிறகும், கிருமி கொசுவின் உடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட ஏறத்தாழ 8 முதல் 12 நாள் ஆகும். அதுவரை கொசு உயிரோடு இருக்க வேண்டும். இத்தனையையும் கடந்து வரும் கொசு மொத்தக் கொசுக்களில் எத்தனை சிறிய பங்கு என்று யோசியுங்கள்.

இங்கே ‘மாற்று விடை’ கணக்கு உதவாது. முட்டையிடுவது மயிலுக்கு இருப்பது போல, நோய் பரப்புவது கொசுவுக்கு இயற்கை வகுத்த வேலை அல்ல. ஆனாலும் வாக்கியம் உண்மை. அதைவிட வியப்பானது எதிர்மறை: ‘கொசு டெங்கு பரப்பாது’ என்பது ஏறக்குறைய ஒவ்வொரு தனிக் கொசுவுக்கும் பொருந்துகிறது, ஆனால் பொதுக்கூற்றாகப் பச்சைப் பொய்.

லெஸ்லியின் விளக்கம் இதற்கு இரண்டாவது வழி ஒன்றைத் திறக்கிறது. அஞ்ச வேண்டிய குணமாக இருந்து, அது இல்லாத உறுப்பினர்களும் அதைச் செய்யக்கூடிய உடலமைப்பைக் கொண்டிருந்தால், சிலவற்றிடம் கண்டதையே இனத்தின் மேல் ஏற்றிவிடுகிறோம். ‘பாம்பு கொத்தும்’, ‘சுறா மனிதனைத் தாக்கும்’ எல்லாம் இந்த வழியில் வந்தவை. ஆபத்தில் எண்ணிக் காத்திருக்க நேரமில்லை என்பதால் மனம் இப்படிச் செய்கிறது என்பது அவர் கருத்து. ஒரே வடிவ வாக்கியத்துக்கு இரண்டு வழி வைப்பது ஒட்டுப்போட்டது போல இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை நியாயமாகப் படவில்லை. மயிலையும் கொசுவையும் ஒரே சூத்திரத்தில் அடைக்க முயன்ற விளக்கங்கள் ஏதாவது ஒன்றைப் பொய் என்று சொல்ல வேண்டிய நிலைக்கு வந்து நிற்கின்றன.

எதிர்ப்பக்கத்தில், ஒரே ஒரு விதிவிலக்கைக்கூடத் தாங்காத வாக்கியம்: ‘பகா எண் ஒற்றைப்படையாக இருக்கும்.’ பகா எண்கள் முடிவில்லாதவை, விதிவிலக்கு 2 மட்டும். கணக்குத் தெரிந்தவர் இதைக் கேட்டதும் “2 இருக்கிறதே” என்று நிறுத்துவார். 2 ஒற்றைத்தன்மை ‘இல்லாத’ எண் மட்டுமல்ல, இரட்டை என்ற போட்டி விடை அதனிடம் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வாக்கியம் சொல்லப்படும் இடம். கணிதத்தில் ‘முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் 180 பாகை’ என்று ‘எல்லா’ போடாமல் சொன்னாலும் கேட்பவர் ‘எல்லா’ போட்டே கேட்பார். சட்ட விதியும் அப்படியே. வாக்கிய வடிவத்தை மட்டும் பார்த்து இது விதிவிலக்கைத் தாங்கும் என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது எச்சரிக்கை.

இரண்டு கூற்றும் வேறு என்பதைத் தமிழில் கையோடு சோதிக்க, எதிர்மறையாக்கிப் பாருங்கள். ‘எல்லா நாயும் குரைக்காது’ என்றால் பேச்சில் என்ன பொருள்? சில குரைக்கும், சில குரைக்காது என்பதுதான். ஒன்றும் குரைக்காது என்று சொல்ல ‘எந்த நாயும் குரைக்காது’ என்போம். இது இன்றைய வழக்கம் மட்டுமல்ல. முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் என்று நன்னூல் சொல்கிறது. ‘எல்லாரும் வந்திலர்’ என்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம், அதாவது சிலர் வந்தார்கள். முற்றுக்கூற்றை மறுத்தால் மிச்சம் இருக்கும், ஏனென்றால் அது எண்ணிக்கை. ‘நாய் குரைக்காது’ என்று பொதுக்கூற்றை மறுத்துப் பாருங்கள். மிச்சம் எதுவும் இல்லை. குரைக்காமல் இருப்பதே நாயின் இயல்பு என்று ஆகிவிடுகிறது. ‘குரைக்கவில்லை’ என்றால் நேற்று இரவு நடந்தது, ‘குரைக்காது’ என்றால் சுபாவம். ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்ற பழமொழி ‘கடிக்காது’ என்று முடிவதால்தான், குரைத்துக்கொண்டே வந்து ஒருவரைக் கடித்த நாய்க்குப் பிறகும் அது புழக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு சோதனை, பின்னால் ஒரு திருத்தம் ஒட்டுவது. ‘நாய் குரைக்கும், ஆனால் பசென்ஜி குரைக்காது’ என்று இயல்பாகச் சொல்லலாம். ‘எல்லா நாய்களும் குரைக்கும், ஆனால் பசென்ஜி குரைக்காது’ என்றால் முன்பாதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது போல ஆகும். இதனால் முடிவு எடுக்கும் விதமும் மாறுகிறது. எல்லா நாய்களும் குரைக்கும், மணி ஒரு நாய் என்றால், மணி குரைக்கும் என்பது தப்பவே முடியாத முடிவு. நாய் குரைக்கும், மணி ஒரு நாய் என்றால், மணி குரைக்கும் என்பது வேறு செய்தி வரும்வரை வைத்துக்கொள்ளக்கூடிய எதிர்பார்ப்பு. மணி பசென்ஜி என்று தெரிந்ததும் முடிவைக் கைவிடுகிறோம், ‘நாய் குரைக்கும்’ என்பதைக் கைவிடுவதில்லை. இந்த வகை அனுமானத்துக்கு முறையான தருக்கம் ஒன்றைக் கணினி அறிவியலாளர் ரேமண்ட் ரைட்டர் 1980-இல் வகுத்தார்.

தவறு நடக்கும் இடமும் இந்த எதிர்பார்ப்பில்தான். உளவியலாளர்கள் சிம்பியன், பிராண்டன், கெல்மன் மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் துல்லியமாகப் பிடித்தது. கற்பனைத் தீவு ஒன்றின் கற்பனை விலங்குகளைப் பற்றி ஒரு குழுவிடம், இவற்றில் இத்தனை சதவீதத்துக்கு இந்தக் குணம் உண்டு என்று சொல்லி, பொதுக்கூற்று உண்மையா என்று கேட்டார்கள். 10 சதவீதம், 30 சதவீதம் என்று குறைவாக இருந்தபோதும் பலர் உண்மை என்றார்கள். சராசரியாக அவர்கள் ஏற்றுக்கொண்ட அளவு சுமார் 70 சதவீதம். இன்னொரு குழுவிடம் பொதுக்கூற்றை மட்டும் சொல்லி, எத்தனை சதவீதத்துக்கு இந்தக் குணம் இருக்கும் என்று கேட்டார்கள். சராசரி 95-ஐத் தாண்டியது. குணம் ஆபத்தானது என்று சேர்த்துச் சொன்னால் ஏற்பதற்குத் தேவைப்பட்ட சதவீதம் இன்னும் குறைந்தது, ஆனால் கேட்டவர் ஊகித்த சதவீதம் குறையவில்லை.

சொல்பவர் கொஞ்சம் சான்றை வைத்துச் சொல்கிறார், கேட்பவர் கிட்டத்தட்ட எல்லாம் என்று எடுத்துக்கொள்கிறார். நாய் விஷயத்தில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. ‘இந்த ஊர்க்காரன் ஏமாத்துவான்’ என்ற வாக்கியத்தை எடுங்கள். ஏமாற்றிய இரண்டு மூன்று பேர் போதும், ஏமாறுவது அஞ்ச வேண்டிய விஷயம் என்பதால் கொசு வழியில் அது இனத்தின் மேல் ஏறிவிடும். நேர்மையான ஒருவரைக் காட்டினால், “நான் எல்லாரையுமா சொன்னேன்?” என்று சொன்னவர் பின்வாங்குவார். அவர் ‘எல்லாரும்’ என்று சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் மறுநாள் அதே ஊர்க்காரர் ஒருவர் வீடு வாடகைக்குக் கேட்டு வரும்போது, அந்த வாக்கியம் ‘எல்லாரும்’ என்று சொன்னது போலவே பயன்படுகிறது. அதனால் இங்கே ஒரு நல்லவரை எதிர்ச்சான்றாகக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. பொதுக்கூற்று அதைத் தாங்கும். கேட்க வேண்டியது வேறு: எத்தனை பேரில் எத்தனை பேர்? ஏமாற்றுவதற்கும் அந்த ஊரில் பிறந்ததற்கும் இடையில், ஏடிஸ் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் டெங்குவுக்கும் இருப்பது போன்ற தொடர்பு ஏதாவது உண்டா? முதல் கேள்விக்கு எண்ணும் இரண்டாம் கேள்விக்குக் காரணமும் சொல்ல முடியாவிட்டால், அந்த வாக்கியத்தில் மிஞ்சுவது ‘இந்த ஊர்க்காரர் இரண்டு மூன்று பேர் ஏமாற்றினார்கள்’ என்ற செய்தி மட்டுமே.